பேக்டெஸ்ட்டுக்கு முன் ஒரு பட்டியல்: அன்று உண்மையிலேயே வாங்க முடிந்த பங்குகளைப் பிரித்தெடுப்பது எப்படி?

திவால் நடவடிக்கையில் சிக்கியிருந்த ருச்சி சோயா நிறுவனத்தைப் பதஞ்சலி குழுமம் 2019 டிசம்பரில் கையகப்படுத்தியது. 2020 ஜனவரி 27 அன்று அந்தப் பங்கு மீண்டும் சந்தையில் வர்த்தகத்துக்கு வந்தது. அன்றைய விலை 17 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதே ஆண்டு ஜூன் கடைசியில் அதன் விலை 1,500 ரூபாயைத் தாண்டியிருந்தது. அதாவது, ஐந்தே மாதத்தில் ஏறத்தாழ 88 மடங்கு.

"ஏறும் பங்கை வாங்கு" என்ற எளிய விதியை எழுதி, 2020ஆம் ஆண்டின் விலைத் தரவு முழுவதையும் அதில் செலுத்துங்கள். பழைய தரவில் ஓர் உத்தியை இப்படி ஓட்டிச் சோதிப்பதே பேக்டெஸ்ட். கணினி இந்தப் பங்கைத்தான் முதலில் பிடிக்கும். 20 பங்குகளில் தலா 1 லட்சம் போட்டிருந்தால், இதில் போட்ட 1 லட்சம் 88 லட்சமானதாகக் காட்டும். மற்ற 19 பங்குகளும் நஷ்டத்தில் முடிந்தாலும் மொத்தக் கணக்கு அபார லாபத்தில் நிற்கும்.

ஆனால் அந்தப் பங்கை யார் வாங்கியிருக்க முடியும்? நிறுவனத்தின் ஏறத்தாழ 99 சதவீதப் பங்குகள் புதிய உரிமையாளர்களிடமே இருந்தன. பொதுமக்கள் கையில் இருந்தது 1 சதவீதம்கூட இல்லை. பங்கு நாளுக்கு 5 சதவீதம் என்ற உச்சவரம்புடன் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தினமும் சரியாக 5 சதவீதம் ஏறினால் 17 ரூபாய் 1,500 ஆக ஏறத்தாழ 92 நாட்கள் வேண்டும். அந்த இடைவெளியில் சந்தை நடந்ததே நூற்றுச் சொச்சம் நாட்கள்தான். அப்படியென்றால் பெரும்பாலான நாட்களில் பங்கு உச்சவரம்பில் பூட்டிக் கிடந்திருக்கிறது. வாங்குவோர் வரிசை நீண்டிருக்கும், விற்பவர் இருந்திருக்க மாட்டார். தரவில் பதிவான விலை பொய்யல்ல. அந்த விலையில் நமக்குப் பங்கு கிடைத்திருக்கும் என்று எண்ணுவதுதான் பொய்.

இதனால்தான் எந்த உத்தியையும் சோதிப்பதற்கு முன்பு, எந்தப் பங்குகளின் மீது சோதிக்கப்போகிறோம் என்ற பட்டியலைத் தனியாகத் தயாரிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் இதை யுனிவர்ஸ் என்பார்கள். இந்தக் கட்டுரையில் தேர்வுப் பட்டியல் என்றே சொல்வோம். வர்த்தக மதிப்பு, குறைந்தபட்ச விலை, சந்தைக்கு வந்து கழிந்த காலம் ஆகிய மூன்று சல்லடைகளால் அதைச் சலிப்பது வழக்கம். மூன்றுமே கேட்பதற்கு எளிமையானவை. பிழை புகுவது அவற்றைத் தரவின் மீது செயல்படுத்தும் விதத்தில்தான்.

## பட்டியல் ஒன்றல்ல, நாளுக்கு ஒன்று

பலரும் செய்யும் முதல் தவறு, இன்றைய நிஃப்டி 500 பட்டியலை இறக்கிக்கொண்டு அதே 500 பங்குகளை 2012 முதல் சோதிப்பது. இன்று அந்தப் பட்டியலில் இருப்பவை இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்தவை, அல்லது வளர்ந்து மேலே வந்தவை. ஒரு காலத்தில் முன்னணிப் பங்காக இருந்து, 2021 ஜூனில் பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சாமல் சந்தையைவிட்டே நீக்கப்பட்ட டி.எச்.எஃப்.எல். அதில் இருக்காது. 2012இல் உட்கார்ந்திருப்பவருக்கு யார் பிழைப்பார், யார் சாவார் என்று தெரியாது. சோதனைக்கு மட்டும் அது தெரிந்துவிடுகிறது.

எனவே தேர்வுப் பட்டியல் ஒவ்வொரு நாளுக்கும், அல்லது ஒவ்வொரு மாதத் தொடக்கத்துக்கும், அந்த நாள் வரை தெரிந்த தகவலைக் கொண்டு மட்டுமே உருவாக வேண்டும். தேசியப் பங்குச் சந்தை ஒவ்வொரு நாளும் வெளியிடும் பாவ்காப்பி இதற்கு நல்ல அடித்தளம். அன்று வர்த்தகமான பங்குகள் எல்லாம், பிற்பாடு காணாமல் போனவை உட்பட, அதில் இருக்கும். அதில் `SERIES` என்ற பத்தியில் `EQ` என்று இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்வது முதல் படி. `BE` என்பது அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்க முடியாத, டெலிவரி கட்டாயமான பிரிவு. கண்காணிப்பில் உள்ள பங்குகளைப் பெரும்பாலும் அங்கேதான் பார்க்கலாம். இ.டி.எஃப்.களும் `EQ` பிரிவிலேயே வரும் என்பதால் அவற்றைத் தனியே நீக்க வேண்டும்.

## முதல் சல்லடை: வர்த்தக மதிப்பு

ஒரு நாளில் ஒரு பங்கு எத்தனை ரூபாய்க்குக் கைமாறியது என்பதே அதன் வர்த்தக மதிப்பு, அதாவது டேர்ன்ஓவர். எத்தனை பங்குகள் கைமாறின என்ற எண்ணிக்கை இங்கே உதவாது. 1 லட்சம் ரூபாயைத் தாண்டி விற்ற எம்.ஆர்.எஃப். பங்கில் பத்தாயிரம் பங்குகள் கைமாறினால் அது 100 கோடி. 5 ரூபாய்ப் பங்கில் அதே பத்தாயிரம் என்பது 50 ஆயிரம் ரூபாய்.

எவ்வளவு மதிப்பு இருந்தால் போதும்? இதற்குப் பொதுவான விடை கிடையாது. உங்கள் பணத்தின் அளவுதான் அதைத் தீர்மானிக்கும். 1 கோடி ரூபாயை 20 பங்குகளில் சமமாகப் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 5 லட்சம். உங்கள் ஆர்டரே விலையை நகர்த்திவிடக் கூடாது என்றால், ஒரு நாள் வர்த்தகத்தில் உங்கள் ஆர்டர் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு வைக்கலாம். 5 லட்சம் என்பது எதன் 1 சதவீதம்? 5 கோடி. ஆக, உங்கள் வரம்பு நாளுக்கு 5 கோடி. 10 லட்சம் ரூபாய் போடுபவருக்கு இதே கணக்கில் 50 லட்சம் போதும். யாரோ எங்கோ எழுதிய வரம்பை அப்படியே எடுத்துக்கொள்வதைவிட, இந்த ஒரு வரிக் கணக்கைப் போட்டுக்கொள்வது மேல்.

இனி, கணக்கிடும்போது நேரும் பிழைகள்:

1. சராசரி ஏமாற்றும். ஒரு பங்கு 60 நாட்களில் 59 நாள் தலா 40 லட்சத்துக்கு வர்த்தகமாகிறது. ஒரே ஒரு நாள் பெரிய முதலீட்டாளர் ஒருவர் வெளியேறியதால் 60 கோடிக்கு நடக்கிறது. சராசரி எடுத்தால் ஏறத்தாழ 1 கோடியே 39 லட்சம் வரும். 1 கோடி வரம்பு வைத்திருப்பவரின் பட்டியலில் இந்தப் பங்கு நுழைந்துவிடும். ஆனால் நீங்கள் விற்கப்போகும் நாள் அந்த 59 நாட்களில் ஒன்றாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். 60 நாள் மதிப்புகளையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால், அதாவது இடைநிலை அளவை எடுத்தால், 40 லட்சம் என்ற உண்மை நிலவரம் தெரியும்.

2. வர்த்தகமே நடக்காத நாள் தரவில் தெரியாது. பாவ்காப்பியில் அன்று கைமாறாத பங்குக்கு வரியே இருக்காது. 60 நாட்களில் 25 நாள் மட்டும் வர்த்தகமான பங்குக்கு இருக்கும் 25 வரிகளை மட்டும் வைத்து இடைநிலை எடுத்தால் 2 கோடி என்றுகூட வரலாம். சந்தை நடந்த நாட்களின் நாட்காட்டியை வைத்து, வரி இல்லாத நாட்களில் 0 என்று நிரப்பினால் அதே பங்கின் இடைநிலை 0. இந்தப் பிழையைச் செய்தவருக்குத் தாம் செய்தது தெரியவே தெரியாது. நிரல் எந்தப் பிழைச் செய்தியும் தராமல் ஓடி முடிந்துவிடும்.

3. அலகு மாறும். பழைய வடிவப் பாவ்காப்பியில் `TOTTRDVAL` ரூபாயில் இருக்கும். டெலிவரி விவரத்துடன் வரும் கோப்பில் `TURNOVER_LACS` லட்சத்தில் இருக்கும். இரண்டையும் ஒட்டும்போது ஓர் ஆண்டின் நடுவே பட்டியல் திடீரென்று காலியானாலோ பெருத்துவிட்டாலோ முதலில் இங்கே பாருங்கள்.

இதோடு நீண்ட காலச் சோதனைக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று உண்டு. 2012-13இல் தேசியப் பங்குச் சந்தையின் ரொக்கப் பிரிவில் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 11 ஆயிரம் கோடி ரூபாய்க்கு வர்த்தகம் நடந்தது. 2024-25இல் அது 1 லட்சம் கோடியைத் தாண்டியது. சந்தையே இப்படிப் பெருகியிருக்கும்போது 5 கோடி என்ற மாறாத வரம்பு, பழைய ஆண்டுகளில் பெரிய நிறுவனங்களை மட்டும் விட்டுவைக்கும், புதிய ஆண்டுகளில் சின்னஞ்சிறு நிறுவனங்களையும் உள்ளே விடும். அப்போது உத்தி 2013இல் ஒரு வகைப் பங்கிலும் 2024இல் வேறு வகைப் பங்கிலும் சோதிக்கப்படுகிறது. உத்தி தன் ஆற்றலை இழந்துவிட்டதா, பட்டியல்தான் மாறிவிட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். இடைநிலை மதிப்பில் முதல் 400 அல்லது 500 இடங்களில் வரும் பங்குகள் என்று தரவரிசையால் வரையறுப்பது இதைப் பெருமளவு சரிசெய்கிறது. இன்றைய பணத்தை இன்று எங்கே போடலாம் என்பதே கேள்வி என்றால் ரூபாய் வரம்பு சரி. உத்தியின் குணத்தை அறிய வேண்டும் என்றால் தரவரிசையே சரி.

## இரண்டாம் சல்லடை: குறைந்தபட்ச விலை

விலை குறைந்த பங்கு என்றால் வர்த்தகமும் குறைவாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வோடஃபோன் ஐடியா 10 ரூபாய்க்கும் கீழே இருந்த காலத்தில்கூட நாள்தோறும் பெருந்தொகைக்குக் கைமாறியது. விலை வரம்புக்கான காரணம் வேறு. அது விலை நகரும் மிகச்சிறிய படியோடு தொடர்புடையது. இதை டிக் என்பார்கள்.

நெடுங்காலம் இந்தப் படி 5 காசாக இருந்தது. 2 ரூபாய்ப் பங்கில் 5 காசு என்பது 2.5 சதவீதம். வாங்குவோர் 2.00 ரூபாயிலும் விற்போர் 2.05 ரூபாயிலும் நிற்கிறார்கள். நிறுவனத்தில் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் கடைசி வர்த்தகம் ஒரு நாள் 2.00, மறுநாள் 2.05, அடுத்த நாள் மறுபடி 2.00 என்று பதிவாகிறது. "இறங்கினால் வாங்கு, ஏறினால் விற்றுவிடு" என்ற உத்திக்கு இது தங்கச் சுரங்கமாகத் தெரியும். இரண்டு நாளுக்கு ஒருமுறை 2.5 சதவீத லாபம். நேரில் சந்தைக்குப் போனால் நீங்கள் 2.05இல்தான் வாங்குவீர்கள், 2.00இல்தான் விற்பீர்கள். சோதனை லாபம் என்று காட்டிய அதே 5 காசு உங்களுக்கு நஷ்டம்.

20 ரூபாய்ப் பங்கில் அதே 5 காசு 0.25 சதவீதம். சோதனையில் வைக்கும் செலவுக் கணக்குக்குள் அது அடங்கிவிடும். குறைந்தபட்ச விலையாக 20 ரூபாய் வரம்பு வைப்பதன் நியாயம் இதுதான். 2024 ஜூன் முதல் தேசியப் பங்குச் சந்தை 250 ரூபாய்க்குக் கீழுள்ள பங்குகளுக்குப் படியை 1 காசாகக் குறைத்தது. எனவே அதற்குப் பிந்தைய காலத்தை மட்டும் சோதிப்பவர் வரம்பைச் சற்றுத் தளர்த்தலாம். முந்தைய ஆண்டுகளுக்கு அந்தத் தளர்வு பொருந்தாது.

### சரிக்கட்டிய விலை என்னும் பொறி

இந்தச் சல்லடையில் நேரும் மிகப் பெரிய பிழையை ஓர் உண்மைப் பங்கை வைத்தே பார்ப்போம். பஜாஜ் ஃபைனான்ஸ் 2011இல் 600, 700 ரூபாய் அளவில் விற்றது. 2016இல் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்து, 10 ரூபாய் முகமதிப்பை 2 ரூபாயாகவும் பிரித்தது. ஒரு பங்கு பத்தானது. 2025 ஜூனில் ஒன்றுக்கு நான்கு போனஸ், கூடவே 2 ரூபாய் முகமதிப்பு 1 ரூபாயானது. மறுபடியும் ஒன்று பத்தானது. இரண்டும் சேர்ந்து 100 மடங்கு.

விலை வரைபடத்தில் செயற்கையான சரிவு தெரியாமல் இருக்க, தரவு நிறுவனங்கள் பழைய விலைகளை எல்லாம் இந்த மடங்கால் வகுத்துத் தருகின்றன. இதுவே சரிக்கட்டிய விலை. லாப நஷ்டம் கணக்கிட அதுதான் வேண்டும். ஆனால் அந்தக் கோப்பில் 2011ஆம் ஆண்டின் பஜாஜ் ஃபைனான்ஸ் 6, 7 ரூபாய்ப் பங்காக நிற்கும். 20 ரூபாய் வரம்பு வைத்தால் அது வெளியே போய்விடும். அடுத்த பத்தாண்டில் சந்தையின் தலைசிறந்த பங்குகளுள் ஒன்று பட்டியலிலேயே இல்லாமல் போகிறது.

இங்கே நடப்பது ஒரு நல்ல பங்கை இழப்பது மட்டுமல்ல. பின்னாளில் பெரிதாக வளர்ந்து பிரிக்கப்பட்ட பங்குகள்தாம் பழைய தரவில் மலிவாகத் தெரிகின்றன. ஆகவே சரிக்கட்டிய விலையை வைத்துச் சலிப்பவர் எதிர்காலத்தைப் பார்த்துச் சலிக்கிறார். வரம்பைத் தலைகீழாக்கி, 20 ரூபாய்க்குக் கீழுள்ளவற்றை வாங்கு என்று சோதித்தால் அற்புதமான முடிவு வரும். அது முழுக்க முழுக்கப் போலி. இந்தப் பிழை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: ஆறு மாதம் முன்பு இறக்கிய தரவிலும் இன்று இறக்கிய தரவிலும் அதே பழைய காலத்தைச் சோதியுங்கள். 2011ஆம் ஆண்டின் பட்டியல் இரண்டிலும் வேறுபட்டால், இடையில் நடந்த பங்குப் பிரிப்பு கடந்த காலத்தை மாற்றியிருக்கிறது என்று பொருள்.

தீர்வு, இரண்டு விலைகளையும் வைத்துக்கொள்வது. சல்லடைக்கு அன்று திரையில் தெரிந்த அசல் விலை. லாபக் கணக்குக்குச் சரிக்கட்டிய விலை. வர்த்தக மதிப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சில தரவுகளில் விலை மட்டும் வகுக்கப்பட்டிருக்கும், பங்கு எண்ணிக்கை பழையபடியே இருக்கும். அவற்றைப் பெருக்கினால் 2011இல் 10 கோடிக்கு நடந்த வர்த்தகம் 10 லட்சமாகச் சுருங்கிவிடும். சந்தை வெளியிட்ட மதிப்பை நேரடியாக எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

## மூன்றாம் சல்லடை: புதிதாக வந்தவை

புதிய பங்கு வெளியீட்டின் முதல் நாட்களில் வர்த்தகம் குவியும். ஒதுக்கீடு கிடைத்தவர்கள் விற்கிறார்கள், கிடைக்காதவர்கள் வாங்குகிறார்கள். இந்தக் கூட்டம் சில வாரங்களில் கலைந்துவிடும். ஆனால் 60 நாள் இடைநிலை அந்தக் கூட்டத்தையே அளந்து, பங்கைப் பட்டியலுக்குள் கொண்டுவந்துவிடும்.

அதைவிட முக்கியமானது லாக்-இன். வெளியீட்டுக்கு முன்பே பங்கு வைத்திருப்பவர்கள் குறிப்பிட்ட காலம் விற்க முடியாது. வெளியீடு திறக்கும் முன்பே ஒதுக்கீடு பெறும் பெரிய நிறுவனங்களான ஆங்கர் முதலீட்டாளர்களுக்கு ஒதுக்கியதில் ஒரு பகுதி 30 நாளிலும் மறுபகுதி 90 நாளிலும் விடுபடுகிறது. நிறுவனத்தின் பழைய முதலீட்டாளர்களுக்குக் கெடு இன்னும் நீளம். 2021 ஜூலை 23 அன்று சந்தைக்கு வந்த ஸொமாட்டோவில் அந்தக் கெடு ஓராண்டு. அது முடிந்த பிறகு வந்த முதல் வர்த்தக நாளான 2022 ஜூலை 25 அன்று பங்கு 11 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. விற்கக்கூடிய பங்குகளின் அளவே படிப்படியாக மாறிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்து விலையை, நிலைபெற்ற ஒரு பங்கின் விலையோடு ஒப்பிடுவது பொருந்தாது. பன்னிரண்டு மாத ஏற்றத்தை அளக்கும் உத்திக்கு அந்தப் பன்னிரண்டு மாத வரலாறே இருக்காது. எனவே 252 வர்த்தக நாட்கள், அதாவது ஏறத்தாழ ஓராண்டு, என்பது நியாயமான கெடு.

இதில் கவனிக்க வேண்டியது, "தரவில் முதல்முறை தென்பட்ட நாள்" என்பதும் "சந்தைக்கு வந்த நாள்" என்பதும் ஒன்றல்ல. `INFOSYSTCH` என்ற குறியீடு 2011இல் `INFY` ஆனது. குறியீட்டை மட்டும் பார்க்கும் நிரலுக்கு இன்ஃபோசிஸ் அன்று பிறந்த நிறுவனம். பங்குக்குரிய சர்வதேச அடையாள எண்ணை, அதாவது ஐ.எஸ்.ஐ.என்.னை, நம்பினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். முகமதிப்பு மாறும்போது இந்தியாவில் அதுவும் மாறிவிடும். ஆகவே சந்தை வெளியிடும் குறியீட்டு மாற்றப் பட்டியலை வைத்துப் பழையதையும் புதியதையும் இணைத்தாக வேண்டும்.

நேர்மாறான ஓட்டையும் உண்டு. ருச்சி சோயா பல ஆண்டுகளாகச் சந்தையில் இருந்த நிறுவனம். முதல் நாளை மட்டும் பார்க்கும் சல்லடை அதைப் பழைய பங்கு என்று உள்ளே விட்டுவிடும். அதனால் வயதைக் கேட்பதைவிட, "கடந்த 252 நாட்களில் எத்தனை நாள் வர்த்தகமானாய்?" என்று கேட்பதே சரி. புதிதாக வந்ததும் இடைவெளிவிட்டுத் திரும்பியதும் ஒரே கேள்வியில் சிக்கிவிடும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ரிலையன்ஸிலிருந்து பிரிந்து 2023 ஆகஸ்ட்டில் வந்த ஜியோ ஃபைனான்ஷியல் போன்ற பெரிய பங்கும் ஓராண்டு வெளியே நிற்கும். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

## மூன்றையும் சேர்த்தால்

குறியீடுகளை இணைத்த பிறகு, `tv` என்பது ரூபாயில் வர்த்தக மதிப்பு, `px` என்பது அசல் விலை, `calendar` என்பது சந்தை நடந்த நாட்களின் நாட்காட்டி என்று வைத்துக்கொண்டால் நிரல் சில வரிகள்தான்:

```python
tv = tv.reindex(calendar).fillna(0)
px = px.reindex(calendar).ffill(limit=5)

ok_tv    = tv.rolling(60).median() >= 5e7
ok_price = px >= 20
ok_age   = (tv > 0).astype(int).rolling(252).sum() >= 240

universe = (ok_tv & ok_price & ok_age).shift(1, fill_value=False)
```

கடைசி வரியில் உள்ள `shift(1)` விடுபட்டால், மாலை 3.30க்குப் பிறகே தெரியவரும் இன்றைய வர்த்தக மதிப்பை வைத்து இன்று காலையிலேயே வாங்கியதாகிவிடும். தரவின் முதல் ஓராண்டில் பட்டியல் காலியாக இருக்கும். அது பிழையல்ல. சோதனையை இரண்டாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

## வாங்கிய பங்கு பட்டியலைவிட்டு வெளியேறினால்

யெஸ் வங்கி 2020 மார்ச் 5 அன்று 36 ரூபாய்ச் சொச்சத்தில் முடிந்தது. அன்று மாலை, ரிசர்வ் வங்கியின் விண்ணப்பத்தின் பேரில் மத்திய அரசு அதன்மீது தடை உத்தரவு பிறப்பித்தது. மறுநாள் பங்கு 16 ரூபாய்ச் சொச்சத்தில் முடிந்தது. ஒரே நாளில் 50 சதவீதத்துக்கு மேல் வீழ்ச்சி.

20 ரூபாய் வரம்பு வைத்து, அதைத் தாண்டாத நாட்களின் வரிகளைத் தரவிலிருந்தே அழித்துவிட்டவரின் சோதனையில் என்ன நடக்கும்? மார்ச் 5 வரை பங்கு 36 ரூபாய். மார்ச் 6இல் வரியே இல்லை. பல நிரல்கள் கடைசியாகத் தெரிந்த விலையிலேயே கணக்கை முடித்துக்கொள்ளும். வீழ்ச்சி முழுவதும் மறைந்துவிடும். வரம்பு வைத்ததால் நஷ்டம் குறைந்தது போலத் தெரியும்.

ஆகவே தேர்வுப் பட்டியல் புதிதாக வாங்குவதற்கு மட்டுமே அனுமதிச்சீட்டு. ஏற்கெனவே கையில் இருக்கும் பங்கின் விலை, அது பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விற்று முடியும் நாள்வரை சோதனையில் தொடர வேண்டும். வர்த்தகம் நிறுத்தப்பட்டு மீளாத பங்குக்கு 0 விலை வைப்பதே நேர்மை.

## சல்லடையைத் தாண்டியும் நழுவுபவை

பெரிய தொகைக்குக் கைமாறும் பங்கும் ஒரு குறிப்பிட்ட நாளில் உச்சவரம்பிலோ கீழ்வரம்பிலோ பூட்டிக்கொள்ளலாம். 60 நாள் இடைநிலைக்கு அது தெரியாது. அன்றைய உயர்ந்த விலையும் தாழ்ந்த விலையும் ஒன்றாக இருந்து, முந்தைய நாளைவிட ஏறத்தாழ 5 சதவீதமோ அதற்கு மேலோ விலை மாறியிருந்தால், அன்று நமக்கு வாங்கவோ விற்கவோ கிடைக்கவில்லை என்று வைத்து அடுத்த நாளுக்குத் தள்ள வேண்டும்.

சோதனை முடிந்ததும், அதிக லாபம் தந்த 10 வர்த்தகங்களைத் தனியே எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் வாங்கிய நாளின் பாவ்காப்பியைத் திறந்து, `EQ` பிரிவா, அன்று எத்தனை லட்சத்துக்கு நடந்தது, உயர்ந்த விலைக்கும் தாழ்ந்த விலைக்கும் இடைவெளி இருந்ததா, குறியீடு எப்போதிலிருந்து இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். பிறகு அந்தப் பத்தையும் நீக்கிவிட்டுச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். ஆண்டு லாபம் பாதியாகக் குறைந்தால், குறைந்த அந்தப் பாதி எந்தெந்தப் பங்குகளிலிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளும்வரை உத்தியின் விதிகளைத் தொட வேண்டாம்.